நின்ற இடம் பூஜ்யம்: சதுரத்தைச் சுற்றும் அம்பும் புள்ளியும்

குலசேகரம் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும். அண்ணன் வீட்டில் சும்மா இருந்த அப்படி ஒரு வாரத்தில்தான் மகளின் மாதிரித் தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் குடைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இதக் கொஞ்சம் பாரு. மத்ததெல்லாம் நல்லா போட்டிருக்கா. படம் வரிசையா வாற கேள்வி மட்டும் எல்லாம் தப்பு" என்றார்.

அவள் எட்டாம் வகுப்பு. என்எம்எம்எஸ் எழுதப் போகிறாள். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. பால்வெட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்தத் தேர்வில் மனத்திறன் பகுதிக்கு 90 கேள்வி, 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். நானும் ஒரு காலத்தில் ரயில்வே தேர்வுக்கும் குரூப் 4-க்கும் இதே மாதிரிப் படங்களோடு மல்லுக்கட்டியவள் என்பதால், சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தாளைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. படம் திரும்புவது, படம் தலைகீழாவது, கோடு ஒன்று கூடுவது இதெல்லாம் அவளுக்கு வருகிறது. விழுந்தது ஒரே வகையில்தான். சதுரத்தின் விளிம்பில் ஒரு புள்ளியோ அம்போ நகரும். ஒவ்வொரு படத்திலும் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக நகரும். அந்தத் தாளில் அப்படி நான்கு கேள்விகள் இருந்தன. நான்கும் தப்பு.

முதல் கேள்வியைச் சொல்கிறேன். ஐந்து சதுரங்கள் வரிசையாக இருந்தன. புள்ளி முதல் படத்தில் மேல் இடது மூலையில் இருக்கிறது. இரண்டாவதில் மேல் பக்கத்தின் நடுவில். மூன்றாவதில் வலப் பக்கத்தின் நடுவில். நான்காவதில் கீழ் இடது மூலையில். ஐந்தாவதில் மேல் வலது மூலையில். ஆறாவது படத்தில் எங்கே இருக்கும்? விடைக்குக் கொடுத்திருந்த நான்கு இடங்கள்: கீழ் இடது மூலை, இடப் பக்க நடு, மேல் இடது மூலை, கீழ்ப் பக்க நடு. அவள் கீழ் இடது மூலையைப் போட்டிருந்தாள்.

"எப்படிப் போட்ட மக்கா, பைய சொல்லு" என்றேன். அவள் தெளிவாகவே சொன்னாள். முதலில் அரைப் பக்கம் நகர்ந்தது, அப்புறம் ஒரு பக்கம், அப்புறம் ஒன்றரைப் பக்கம், அப்புறம் இரண்டு பக்கம். இனி இரண்டரைப் பக்கம், அதாவது ஐந்து அரைப் பக்கம் நகர வேண்டும். இவ்வளவும் சரி. விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு ஐந்தாவது படத்தில் விரலை மேல் வலது மூலையில் வைத்து எண்ணிக் காட்டினாள். மூலையைத் தொட்டு "ஒண்ணு", வலப் பக்க நடுவைத் தொட்டு "ரெண்டு", கீழ் வலது மூலை "மூணு", கீழ்ப் பக்க நடு "நாலு", கீழ் இடது மூலை "அஞ்சு".

நின்ற இடத்தையே ஒன்று என்று எண்ணிவிட்டாள். உண்மையில் அவள் நகர்ந்தது நான்கு அரைப் பக்கம்தான். ஒன்று கூட நகர்ந்திருந்தால் இடப் பக்க நடு, சரியான விடை.

இதை வாயால் சொன்னால் "சரி அத்தே" என்று தலையாட்டுவாள். அடுத்த கேள்வியில் விரல் மறுபடி பழையபடிதான் போகும். ஆவணியில் பொறுக்கி வைத்த ரப்பர் கொட்டை ஒரு டப்பா நிறைய வீட்டில் கிடந்தது. திண்ணையில் சாக்பீஸால் சதுரம் போட்டு, நான்கு மூலை, நான்கு நடு என்று எட்டு இடத்தில் சின்ன வட்டம் வரைந்தேன். ஒரு கொட்டையை மூலையில் வைத்தேன். அப்புறம் கேட்டேன்: "பல்லாங்குழியில குழியில இருந்து முத்த அள்ளினா, முதல் முத்த எங்க போடுவ?" "அடுத்த குழியில." "அள்ளின குழியில ஏன் போடல?" அவள் சிரித்துவிட்டாள். அள்ளிய குழியில் யாரும் போடுவதில்லை. அது பூஜ்யம். அடுத்த குழிதான் ஒன்று.

அன்றிலிருந்து கொட்டை நிற்கும் இடத்தைத் தொட்டு "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்று வைத்தோம். மூன்று நாள் சத்தமாகச் சொன்னாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கே இது பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவனும் அதே வகுப்பு. இரண்டாம் நாளிலிருந்து அவனும் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனும் நின்ற இடத்தை ஒன்று என்றுதான் எண்ணுவான். ஆனால் விடை சரியாக வந்துவிடும்! முதலில் எனக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது: அவன் நகர்வை அளக்கும்போதும் அப்படித்தான் எண்ணுகிறான். அவனுக்கு நகர்வுகள் 2, 3, 4, 5 என்று கிடைக்கின்றன. அடுத்தது 6 என்கிறான். அந்த ஆறையும் நின்ற இடத்தை ஒன்றாக வைத்தே எண்ணுகிறான். எண்ணி முடிக்கும்போது ஐந்து நகர்ந்திருக்கிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாகிவிடுகிறது.

என் அண்ணன் மகள் அளக்கும்போது கண்ணால் பக்கக் கணக்கில் சரியாக அளந்தாள். நகர்த்தும்போது விரலால் எண்ணித் தவறினாள். இரண்டு இடத்திலும் ஒரே முறையில் எண்ணாததுதான் அவளைக் கவிழ்த்தது. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். அளக்கும்போது 2, 3, 4, 5 என்று எண்ணி, அடுத்து ஆறு என்று கண்டு, ஆறையும் சரியாக நகர்த்தினால் புள்ளி மேல் இடது மூலைக்குப் போய்விடும். மேலே சொன்ன விடைகளில் அந்த மூலையும் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கீழ்ப் பக்க நடு ஏன் இருக்கிறது என்றால், அது ஐந்தை எதிர்ப்பக்கமாக எண்ணியவர்களுக்கு. கேள்வி தயாரிப்பவர்கள் தப்பு விடைகளைச் சும்மா போடுவதில்லை. பிள்ளை எந்தத் தப்பு விடையைப் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே எந்த இடத்தில் வழுக்கியது என்று சொல்லிவிடலாம். அதனால் இப்போது நான் தாளைத் திருத்தும்போது வெறும் பெருக்கல் குறி போடுவதில்லை; தப்பு விடைக்குப் பக்கத்தில் "நின்ற இடம்", "எதிர்ப்பக்கம்" என்று காரணத்தை எழுதிவைக்கிறேன்.

பையனை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடை சரியாக வருகிறதே. ஆனால் நகர்வு ஒவ்வொன்றாகக் கூடாமல் இரட்டிப்பாகும் கேள்விகளும் வரும். பக்கத்துக்கு ஐந்து கட்டம் உள்ள சதுரத்தின் ஓரக் கட்டங்களில் புள்ளி 1, 2, 4 என்று நகர்ந்தால் அடுத்தது 8. பையனின் கணக்கில் அது 2, 3, 5 என்று தெரிந்தது. ஒன்று கூடியது, இரண்டு கூடியது, இனி மூன்று கூடும் என்று அவன் 8 என்றான்; அதையும் நின்ற இடத்தோடு எண்ணியதால் புள்ளி ஏழுதான் நகர்ந்தது. சரியான இடத்துக்கு ஒரு கட்டம் முன்பே நின்றுவிட்டது. இரட்டிப்பு என்பது அவன் எண்ணும் முறையில் கண்ணில் படவே படாது. அதைக் காட்டியபின் அவனும் பூஜ்யத்துக்கு மாறிக்கொண்டான். பழகிய கையை மாற்ற அவனுக்கு அவளைவிட அதிக நாள் பிடித்தது.

அடுத்த சிக்கல் திசை. முதல் மூன்று படம்வரை யாருக்கும் குழப்பமில்லை. நகர்வு சின்னது, புள்ளி கடிகாரம் சுற்றும் பக்கமாகப் போவது பார்த்தாலே தெரியும். நகர்வு பெரிதாகும்போதுதான் கண் ஏமாற்றும். எட்டு இடம் உள்ள சதுரத்தில் ஐந்து இடம் முன்னே போவதும் மூன்று இடம் பின்னே வருவதும் ஒரே இடத்தில்தான் முடியும். கண் எப்போதும் கிட்டத்து வழியைத்தான் பார்க்கும். அவளுடைய இரண்டாவது தப்பு அப்படி வந்ததுதான். "ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, மூணு போச்சு, நாலு போச்சு, அப்புறம் மூணு பின்னால வந்துட்டு. அதனால இனி ரெண்டு பின்னால வரும்" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் சொன்ன அந்த இரண்டு பின்னால் என்பது சரியான இடம்தான். ஆறு முன்னே போனாலும் இரண்டு பின்னே வந்தாலும் ஒன்றே. ஆனால் அதில் நம்பிக்கை இல்லாமல், "நடுவில ஏன் திரும்பிச்சு?" என்று குழம்பி வேறு விடையைப் போட்டுவிட்டாள்.

அவளுக்கு சுசீந்திரம் தேரைச் சொன்னேன். மார்கழித் திருவிழாவுக்கு வருடாவருடம் போகிறவள்தான். தேர் ரத வீதிகளில் வலம் மட்டும்தான் வரும், பின்னால் இழுப்பதில்லை. உன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால், மறுபடி உன் வீட்டு முன்னால் வர மிச்ச வீதியெல்லாம் சுற்றித்தான் வர வேண்டும். புள்ளியையும் தேர் மாதிரியே வைத்துக்கொள். எவ்வளவு தூரமானாலும் முன்பக்கமாகவே எண்ணு.

இதை நோட்டில் எழுதிப் பார்க்க இடங்களுக்கு எண் கொடுத்தோம். மேல் இடது மூலை பூஜ்யம், அங்கிருந்து வலமாக:

```
0  1  2
7     3
6  5  4
```

முதல் கேள்வியின் புள்ளி 0, 1, 3, 6, 2 என்று வருகிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். ஆறிலிருந்து இரண்டுக்கு வருவதை நாலு குறைந்தது என்று படிக்காமல், ஒரு சுற்று முடிந்துவிட்டது என்று எட்டைக் கூட்டிப் பத்து என்று எழுத வேண்டும். 0, 1, 3, 6, 10. இப்போது நகர்வு 1, 2, 3, 4 என்று கண்ணாடி மாதிரித் தெரியும். அடுத்தது 15. அதிலிருந்து எட்டைக் கழித்தால் 7, இடப் பக்க நடு. விரலே வேண்டாம்.

"எதிர்ப்பக்கம் போற கேள்வி வந்தா என்ன செய்யணும் அத்தே?" என்று பையன் கேட்டான். (என்னை அவனும் அத்தே என்றுதான் கூப்பிடுவான்.) நல்ல கேள்வி. அதற்கும் இதேபோல் முன்பக்கமாகவே எண்ணலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எதிர்ப்பக்கம் 1, 2, 3, 4 என்று போவதை முன்பக்கமாக எண்ணினால் 7, 6, 5, 4 என்று வரும். கூடுவதற்குப் பதில் குறையும், அவ்வளவுதான். அடுத்தது 3 என்று முன்பக்கமாக எண்ணினாலும், 5 என்று எதிர்ப்பக்கமாக எண்ணினாலும் ஒரே இடத்தில்தான் நிற்போம். ஆகவே கேள்வி எந்தத் திசையில் யோசித்துத் தயாரிக்கப்பட்டது என்று நாம் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருந்தால் போதும். நடுவில் மாறினால்தான் கெடும்.

முன்னே ஒன்று, பின்னே இரண்டு, முன்னே மூன்று என்று மாறி மாறிப் போகும் கேள்விக்குக்கூட இது உதவும். அதை முன்பக்கமாகவே எண்ணினால் 1, 6, 3, 4, 5 என்று தாறுமாறாக வரும். அப்படி வந்தால் ஒன்றுவிட்டு ஒன்று பாருங்கள். 1, 3, 5 ஒரு வரிசை, 6, 4 இன்னொரு வரிசை, அடுத்தது 2. இவ்வளவு தூரம் அவர்கள் தேர்வில் கேட்பது அபூர்வம். ஆனாலும் ஒருமுறை செய்து பார்த்தார்கள்.

அவளுடைய மூன்றாவது தப்பு அம்பில். இதுதான் நான்கிலும் கடினமானது; இதற்கு இரண்டு சாயங்காலம் போயிற்று.

புள்ளிக்குப் பதில் சின்ன அம்பு. இடங்கள் முதல் கேள்வியில் உள்ளவையே: 0, 1, 3, 6, 2. முதல் படத்தில் மேல் இடது மூலையில் அம்பின் முனை மேல் இடப்புறமாகச் சாய்ந்து காட்டுகிறது. இரண்டாவதில் மேல் பக்க நடுவில் கீழ்நோக்கி. மூன்றாவதில் வலப் பக்க நடுவில் வலதுநோக்கி. நான்காவதில் கீழ் இடது மூலையில் மேல் வலப்புறமாகச் சாய்ந்து. ஐந்தாவதில் மேல் வலது மூலையில் அதேபோல் மேல் வலப்புறமாகச் சாய்ந்து.

இரண்டு பேரும் அம்பு எவ்வளவு திரும்புகிறது என்று கோணம் கணக்குப் பார்த்தார்கள். எவ்வளவு பார்த்தாலும் திருப்பம் ஒரே அளவாக வரவில்லை. முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு பெரிய திருப்பம், நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குத் திருப்பமே இல்லை. "இது அச்சுப் பிழையா இருக்கும்" என்றான் பையன். அச்சுப் பிழைகள் பயிற்சிப் புத்தகங்களில் வருவது உண்டுதான், ஆனால் இது பிழை இல்லை.

கொட்டையை எடுத்து வைத்துவிட்டு, தென்னங்குச்சியை ஒடித்து ஒரு முனையில் மை தடவி அம்பாக்கினேன். சதுரத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தேன். "அம்பு கிண்ணத்தைப் பார்க்குதா, முதுகைக் காட்டுதா, அத மட்டும் சொல்லுங்க." முதல் படத்தில் குச்சியை வைத்தாள்: முதுகைக் காட்டுகிறது. இரண்டாவது: கிண்ணத்தைப் பார்க்கிறது. மூன்றாவது: முதுகு. நான்காவது, கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலப்புறமாக: கிண்ணத்தைப் பார்க்கிறது. ஐந்தாவது, மேல் வலது மூலையிலிருந்து மேல் வலப்புறமாக: முதுகு. அவள் ஐந்தாவதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே பக்கம் காட்டும் இரண்டு அம்புகளில் ஒன்று உள்ளே பார்க்கிறது, மற்றது வெளியே பார்க்கிறது.

ஆறாவது படம்: இடம் ஏழு, இடப் பக்க நடு, முறைப்படி உள்ளே பார்க்க வேண்டும், ஆகவே அம்பு வலதுநோக்கி. விடைகளில் இடப் பக்க நடுவில் இரண்டு அம்புகள் இருந்தன, ஒன்று வலதுநோக்கி, ஒன்று இடதுநோக்கி. அவள் இடதை எடுத்திருந்தாள்.

இதில் எனக்குப் பட்டது இதுதான். அம்புக் கேள்வியில் எங்கே நிற்கிறது என்பது ஒரு கணக்கு, எங்கே பார்க்கிறது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. முதலில் அம்பின் முனையையே மறந்துவிட்டு, அது வெறும் புள்ளி என்று நினைத்து இடத்தை முடித்துவிட வேண்டும். நான்கு விடைகளில் பெரும்பாலும் இரண்டு அதிலேயே விழுந்துவிடும். பிறகு முனையைப் பார்க்கும்போது முதலில் தாளின் மேல் கீழை வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு திரும்புகிறதா? வரிசை வந்தால் சரி. வராவிட்டால் சதுரத்தின் நடுவை வைத்துப் பாருங்கள்: உள்ளேயா, வெளியேயா? அதுவும் வராவிட்டால் அம்பு விளிம்போடு படுத்துக்கொண்டு போகும் பக்கம் பார்க்கிறதா, வந்த பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். அனேகமாக இந்த மூன்றில் ஒன்றில் பிடிபட்டுவிடும். அண்ணன் மகள் இப்போது தாளையே சுழற்றிப் பார்க்கிறாள்; அம்பு நிற்கும் பக்கம் மேலே வருமாறு திருப்பிவிட்டால் உள்ளே என்பது கீழே என்று ஆகிவிடும். தேர்வறையில் வினாத்தாளைத் திருப்புவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

எத்தனை இடம் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சதுரத்திலும் எட்டு இடம் இல்லை. ஒரு பக்கத்துக்கு நான்கு கட்டம் உள்ள சதுரத்தைப் பார்த்ததும் பையன் "நாலு நாலு பதினாறு" என்றான். மூலைக் கட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது, ஒரு பக்கத்துக்கு மூன்றுதான் கணக்கு, ஆகப் பன்னிரண்டு. கட்டம் போடாத வெறும் சதுரமாக இருந்தால், எல்லாப் படங்களையும், விடைப் படங்களையும்கூட, ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். எங்காவது ஒரு புள்ளி பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கில் நின்றால் அது பன்னிரண்டு இடச் சதுரம். எட்டு என்று நினைத்துத் தொடங்கினால் நகர்வு மூன்றில் இரண்டு, ஒன்றும் மூன்றில் ஒன்றும் என்று வந்து தலைசுற்றும். நகர்வு முழு எண்ணாக வரவில்லை என்றாலே இடத்தை எண்ணியது தப்பு என்று அர்த்தம்.

எட்டு இடச் சதுரத்தில் அரைப் பக்கத்தில் தொடங்கி ஒவ்வோர் அரைப் பக்கமாகக் கூடும்போது, முதல் எட்டுப் படங்களில் எந்த இடமும் இரண்டாம் முறை வராது. 0, 1, 3, 6, 2, 7, 5, 4. எழுதிப் பார்த்தால் தெரியும். ஆகவே நீங்கள் கண்ட விடை, முன்னே ஏற்கெனவே புள்ளி நின்ற இடத்தில் விழுந்தால் எங்கோ எண்ணுவதில் பிசகியிருக்கிறீர்கள். அவளுடைய முதல் விடை கீழ் இடது மூலை. நான்காவது படத்தில் புள்ளி அங்கே நின்றுவிட்டது. இந்தச் சோதனை தெரிந்திருந்தால் அப்போதே பிடித்திருப்பாள். ஆனால் இதைப் பன்னிரண்டு இடச் சதுரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே 0, 1, 3, 6, 10 என்று போய் அடுத்தது 15, அதாவது மறுபடி 3. மூன்றாவது படத்தில் நின்ற அதே மேல் வலது மூலைதான் சரியான விடை.

அவளுடைய நான்காவது தப்பும் இதையொட்டியதுதான். அதில் புள்ளி மூலைகளில் மட்டும் நின்றது. மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. நகர்வு ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். அடுத்தது நான்கு பக்கம். நான்கு பக்கம் என்றால் ஒரு முழுச் சுற்று. புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும். விடைகளில் கடைசிப் படத்தைப் போலவே ஒன்று இருந்தது. "அது அசையவே இல்லையே அத்தே, எப்படி அடுத்த படமாகும்?" என்று இரண்டு பேரும் அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். தேர் நிலையிலிருந்து கிளம்பி நான்கு வீதியும் சுற்றி நிலைக்கே வந்தால், அது ஓடவில்லை என்று சொல்வோமா என்று கேட்டேன். பையன் உடனே விடையை மாற்றினான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நிலையில நிக்கிற தேரைப் பார்த்து ஓடிச்சா ஓடலையானு சொல்ல முடியாதுல்லா" என்றாள். முடியாதுதான். முன்னே உள்ள படங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அதனால்தான் கொடுத்திருக்கும் படங்கள் மூன்றே இருந்தால் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். நகர்வு 1, 2 என்று இரண்டுதான் தெரிகிறது. அடுத்தது 3 ஆகவும் இருக்கலாம், இரட்டிப்பாகி 4 ஆகவும் இருக்கலாம். இரண்டு இடங்களும் விடைகளில் இருந்தால் அந்தக் கேள்வியில் நேரத்தைக் கொட்டாமல் 3-ஐப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கூடும் கேள்விகள்தான் நான் பார்த்தவரை அதிகம். நான்கு படம் இருந்தால் இந்தச் சந்தேகம் வராது.

மாதக் கடைசியில் இன்னொரு மாதிரித் தாள் வைத்தோம். அதில் இந்த வகையில் ஐந்து கேள்வி, நான்கு சரி. தப்பான ஒன்றில் 12 இடத்தை 16 என்று எண்ணியிருந்தாள். படத்துக்குக் கீழே எண் எழுதுவதற்குப் பழகியபின் ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. அம்பும் சேர்ந்து வந்தால் முக்கால் நிமிடம்.

மழை விட்டு அண்ணன் மறுபடி விடியற்காலை மரத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அடுப்படியில் இருந்தபோது திண்ணையிலிருந்து அவள் கூப்பிட்டாள். சாக்பீஸ் சதுரத்தில் கொட்டையை வைத்துத் தனியாக நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஆறு படத்தோடு நிறுத்தாமல் மேலே மேலே போயிருக்கிறாள். எட்டாவது படத்தில் கொட்டை கீழ் வலது மூலைக்கு வந்தது. அடுத்த நகர்வு எட்டு, முழுச் சுற்று, அங்கேயே நின்றது. அதற்கு அடுத்தது ஒன்பது, ஒரு சுற்றும் ஒரு இடமும், ஐந்துக்குப் போனது. அப்புறம் ஏழு, இரண்டு, ஆறு, மூன்று, ஒன்று, பூஜ்யம். தரையில் இரண்டு வரிசையாக எழுதிவைத்திருந்தாள்:

```
0 1 3 6 2 7 5 4
4 5 7 2 6 3 1 0
```

"அத்தே, இது வந்த வழியே திரும்பிப் போகுது" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் கொட்டையை நான்கில் வைத்து, ஐந்தைக் காட்டி, "இங்க இருந்து ஏழு முன்னால வந்துதானே நாலுக்கு வந்துச்சு. ஏழு முன்னாலன்னா ஒண்ணு பின்னால. இப்ப ஒண்ணு முன்னால போனா வந்த இடத்துக்கே போயிரும்லா" என்றாள். அப்புறம் பன்னிரண்டு இடம் உள்ள சதுரம் ஒன்றைப் பக்கத்தில் வரைந்து, அங்கேயும் இப்படித் திரும்புமா என்று பார்க்கக் கொட்டையை எடுத்து வைத்தாள்.